கதவில் ஒரு கணக்கு, சீட்டில் ஒரு கணக்கு

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் கணக்குக் குழு உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு, கண்காட்சிக்கு வந்தவர்களின் எண்ணிக்கை. "இதுல பேச என்ன இருக்கு? எத்தனை பேர் வந்தாங்கன்னு சொல்லிட்டு உட்கார வேண்டியதுதானே" என்று சிலர் நினைக்கலாம். ஒரு வருஷத்துக்கு முன்னால் நானும் அப்படித்தான் நினைத்தேன். நான் அப்படி நினைத்ததால் நம்ம கூட்டமைப்பில் ஒரு பெண் ஒரு ராத்திரி முழுக்க அழுதாள். அதனால் நடந்ததை நடந்தபடியே சொல்லிவிட்டு, அதிலிருந்து நாம் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

போன வருஷம் நாம் கல்யாண மண்டபத்தில் மூன்று நாள் விற்பனைக் கண்காட்சி போட்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வெள்ளி, சனி, ஞாயிறு. மொத்தம் 32 கடை. நுழைவுச் சீட்டு ஒருவருக்கு 10 ரூபாய். குடும்பச் சீட்டு 30 ரூபாய், அதில் நாலு பேர் வரைக்கும் வரலாம். ஐந்து வயசுக்குக் கீழே உள்ள குழந்தைக்குச் சீட்டு வேண்டாம். எல்லாச் சீட்டிலும் கியூஆர் கோடு அச்சடித்திருந்தோம். வாசலில் ஒரு தங்கச்சி போனை வைத்து அதை ஸ்கேன் செய்வாள். பக்கத்தில் இன்னொருத்தி கையில் கிளிக்கர். கட்டைவிரலால் அமுக்கினால் ஒவ்வொரு எண்ணாக ஏறுமே, அந்தச் சின்னக் கருவிதான். இதைத் தவிர, உள்ளே எவ்வளவு கூட்டம் இருக்கிறது என்று தெரிய, ஒரு நாளில் ஐந்து தடவை இரண்டு பேர் மண்டபத்தைச் சுற்றி வந்து தலை எண்ணினார்கள்.

ஆக, மூன்று கணக்கு. மூன்றும் ஒன்றுபோல வரும், ஒன்றுக்கு ஒன்று சாட்சியாக இருக்கும் என்றுதான் அப்படி ஏற்பாடு செய்தோம்.

சனிக்கிழமை ராத்திரி ஒன்பதரை மணிக்குக் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தோம். கிளிக்கர் காட்டியது 2,318. ஸ்கேன் செய்த போன் காட்டியது 1,318. தலை எண்ணிக்கை பதினோரு மணிக்கு 210, ஒரு மணிக்கு 145, நாலு மணிக்கு 390, ஆறரைக்கு 465, எட்டு மணிக்கு 180. சீட்டுப் பணம் 17,600 ரூபாய்.

எனக்குத் தலை சுற்றியது. கிளிக்கருக்கும் ஸ்கேனுக்கும் சரியாக ஆயிரம் வித்தியாசம். அப்போது நான் ஒரு காரியம் செய்தேன். காகிதத்தை எடுத்து 2,318-ஐப் பத்தால் பெருக்கினேன். 23,180 வந்தது. அதில் 17,600-ஐக் கழித்தேன். 5,580 ரூபாய் குறைந்தது. அதை வாய்விட்டுச் சொன்னேன். சீட்டு விற்ற தங்கச்சி அங்கேதான் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தாள். யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள், அவ்வளவுதான். அது போதுமே. "அக்கா, நான் ஒரு பைசா தொடலை" என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள்.

அந்தப் பெருக்கல் தப்பு. ஏன் தப்பு என்று புரிந்துகொள்ள எனக்கு மறுநாள் முழுக்கத் தேவைப்பட்டது.

முதலில் பணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பணத்தைச் சரிபார்க்கக் கிளிக்கர் தேவையே இல்லை. சீட்டுப் புத்தகத்தில் வரிசை எண் இருக்கிறது. சனிக்கிழமை காலையில் தனிச்சீட்டு 421-இல் ஆரம்பித்தது. கடைசியாகக் கிழித்தது 1,550. கழித்தால் 1,129 வரும். ஆனால் 421-ஆம் சீட்டும் விற்றதுதானே, அதனால் ஒன்று கூட்ட வேண்டும். 1,130. குடும்பச் சீட்டு 86 முதல் 295 வரை, அதாவது 210. தனிச்சீட்டுக்கு 11,300 ரூபாய், குடும்பச் சீட்டுக்கு 6,300 ரூபாய். கூட்டினால் 17,600. பெட்டியில் இருந்த பணம் ஒரு ரூபாய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

இதை முதலிலேயே பார்த்திருந்தால் ஐந்து நிமிஷத்தில் முடிந்திருக்கும். நான் பணத்தை ஆள் எண்ணிக்கையோடு ஒப்பிட்டேன். பணத்தை அடிக்கட்டையோடுதான் ஒப்பிட வேண்டும். பஸ்ஸில் கண்டக்டர் கணக்கு ஒப்படைப்பதை நினைத்துப் பாருங்கள். டிப்போவில் "இன்னைக்கு எத்தனை தலை ஏறிச்சு" என்றா கேட்கிறார்கள்? எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை டிக்கெட் போனது என்றுதான் பார்க்கிறார்கள். பாஸ் வைத்திருக்கிறவர்கள் ஏறுவார்கள், மடியில் குழந்தை ஏறும். தலைக்கும் டிக்கெட்டுக்கும் நேர்க்கணக்கு எப்போதும் வராது.

சரி, பணம் நேராகிவிட்டது. அப்படியென்றால் 2,318 என்ன, 1,318 என்ன? ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் மூன்று பேர் இதைப் பிரித்துப் பார்க்க உட்கார்ந்தோம்.

முதலில் போனை எடுத்தோம். 1,318 என்பது போனைக் காட்டிய தடவைகளின் எண்ணிக்கை. அதற்குக் கீழே இன்னும் இரண்டு வரி இருந்ததை முந்தின ராத்திரி யாரும் பார்க்கவில்லை. ஏற்றுக்கொண்டவை 1,246. 'ஏற்கெனவே பயன்படுத்திய சீட்டு' என்று சிவப்பாகக் காட்டியவை 72. வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தவர் அதே சீட்டை மறுபடி நீட்டினால் சிவப்பு வரும். ஸ்கேன் ஆனதா இல்லையா என்ற சந்தேகத்தில் நம்ம பெண் இரண்டாவது தடவை காட்டினாலும் சிவப்பு வரும். ஆகவே ஸ்கேன் கணக்கு என்றால் ஏற்றுக்கொண்டவற்றை மட்டும் எடுக்க வேண்டும். 1,246.

ஆனால் விற்ற சீட்டு 1,340. மீதி 94 பேர் சீட்டு வாங்கிவிட்டு வரவில்லையா? அப்படித்தான் எழுதப் போனோம். அப்போது வாசலில் நின்ற தங்கச்சி சொன்னாள்: "ஆறு மணிக்குப் போன் நின்னுபோச்சுக்கா. கூட்டம் தெரு வரைக்கும் நிக்குது. நான் சீட்டைக் கிழிச்சு மஞ்சப்பையில போட்டுட்டு உள்ள விட்டேன்." மஞ்சள் பை அவளிடமே இருந்தது. கொட்டி எண்ணினோம். தனிச்சீட்டு 47, குடும்பச் சீட்டு 14, மொத்தம் 61. அவள் அதைப் பத்திரமாக வைத்திருக்காவிட்டால், உள்ளே வந்தவர்களை வராதவர்கள் என்று எழுதியிருப்போம். உண்மையில் வராமல் போனது 33 சீட்டுதான்.

ஸ்கேன் கணக்கு எப்போது குறையும் என்பதற்கு இது நல்ல உதாரணம். கூட்டம் அதிகமாகும் நேரத்தில்தான் போன் நிற்கும், சிக்னல் போகும், கோடு கசங்கியிருக்கும். அதனால் ஸ்கேனில் விட்டுப்போவது நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் போகாது, நெரிசலான அரை மணி நேரத்தில் மொத்தமாகப் போகும். ஸ்கேன் ஆன நேரம் போனில் பதிவாகியிருக்கும். அதைப் பார்த்தாலே தெரியும். எங்கள் போனில் 5.58-க்கு அப்புறம் 6.23 வரைக்கும் ஒரு ஸ்கேன்கூட இல்லை. ஆனால் அந்த நேரத்தில்தான் மண்டபம் நிறைந்தது.

இப்போது பயன்பட்ட சீட்டு 1,246-உம் 61-உம் சேர்ந்து 1,307. ஆனால் சீட்டு வேறு, ஆள் வேறு. குடும்பச் சீட்டு ஒரு கோடுதான், ஒரு ஸ்கேன்தான். அதில் இரண்டு பேரும் வரலாம், நாலு பேரும் வரலாம். பயன்பட்டவற்றில் தனிச்சீட்டு 1,099, குடும்பச் சீட்டு 208. குடும்பச் சீட்டுக்கு எல்லாம் நாலு என்று பெருக்கினால் கூடுதலாகப் போகும். அதனால் ஞாயிற்றுக்கிழமை, குடும்பச் சீட்டோடு வந்த முதல் 40 குடும்பத்தை நிறுத்தி எத்தனை பேர் என்று குறித்தோம். 142 பேர். ஒரு சீட்டுக்குச் சராசரி மூன்றரைக்குக் கொஞ்சம் மேலே. அந்தக் கணக்கில் 208 சீட்டுக்குச் சுமார் 738 பேர்.

இதோடு சீட்டில்லாமல் அழைப்பின் பேரில் வந்த விருந்தினர்கள். அவர்கள் விருந்தினர் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள், 45 பேர். ஆக 1,099, 738, 45. கூட்டினால் 1,882 பேர். சீட்டு வழியாகப் போனால் இந்த இடத்துக்கு வந்து சேர்கிறோம்.

அடுத்தது கிளிக்கர். 1,882 எங்கே, 2,318 எங்கே? நடுவில் 436 இருக்கிறது.

கிளிக்கர் ஆளை எண்ணுவதில்லை. கதவைத் தாண்டுவதை எண்ணுகிறது. ஒரே ஆள் மூன்று தடவை தாண்டினால் மூன்று. நம்ம கடைக்காரப் பெண்கள் 64 பேர், தொண்டர்கள் 16 பேர், இந்த 80 பேரும் காலையில் அதே வாசல் வழியாகத்தான் வந்தார்கள். பொருள் எடுக்க வண்டிக்குப் போய்ப் போய் வந்தார்கள். சாப்பாட்டுக் கடைகள் வெளியே மைதானத்தில் இருந்தன. அங்கே போகப் பக்கக் கதவு. ஆனால் திரும்பி வருகிறவர்கள் பெரிய வாசலுக்கே சுற்றி வந்தார்கள். மதியம் சாப்பிடப் போன ஒவ்வொரு குடும்பமும் கிளிக்கரில் இரண்டாவது தடவை ஏறியது. அம்மா கையைப் பிடித்து நடந்து வந்த மூன்று வயசுக் குழந்தைக்கும் ஒரு அமுக்கு.

இவை எல்லாம் கிளிக்கரைக் கூட்டிக் காட்டுகிற காரணங்கள். குறைத்துக் காட்டுகிற காரணமும் உண்டு. ஐந்தாறு பேர் ஒன்றாக நுழையும்போது கட்டைவிரல் நாலு தடவைதான் அமுக்கும். தெரிந்தவர் வந்து "எப்படி இருக்கே கண்ணு" என்று கேட்டால் அந்த நேரத்தில் போனவர்கள் போனதுதான். கையை மாற்றும்போது பக்கத்தில் இருக்கும் திருகு சுழன்றால் எண் பூஜ்யத்துக்குப் போய்விடும். சனிக்கிழமை அப்படி நடக்கவில்லை. அது எப்படித் தெரியும் என்றால், கிளிக்கர் வைத்திருந்த தங்கச்சி அரை மணிக்கு ஒருமுறை எண்ணை நோட்டில் எழுதி வைத்திருந்தாள். எண் ஏறிக்கொண்டே போயிருந்தது, எங்கும் கீழே இறங்கவில்லை. அந்த நோட்டு இல்லாத கிளிக்கர் எண்ணை நான் இனி நம்ப மாட்டேன்.

கிளிக்கர் எவ்வளவு விட்டுவிடுகிறது என்று பார்க்க ஞாயிறு சாயங்காலம் ஒரு சோதனை செய்தோம். ஒரே வாசலில் இரண்டு பேர் இரண்டு கிளிக்கரோடு நின்று, ஒருவரை ஒருவர் பார்க்காமல் கால் மணி நேரம் எண்ணினோம். ஒருத்தி 118, இன்னொருத்தி 109. ஒரே கூட்டம், ஒரே நேரம், இரண்டு பேருமே கவனமான பெண்கள். நெரிசலில் நூற்றுக்கு ஏழெட்டு இப்படிப் போவது சகஜம் என்று அப்போது புரிந்தது. இதில் யாரும் யாரையும் குறை சொல்வதற்கு ஒன்றுமில்லை.

ஒரே ஆள் எத்தனை தடவை எண்ணப்படுகிறார் என்பதற்கு இன்னொரு சோதனை. ஞாயிற்றுக்கிழமை உள்ளே வருகிறவர்கள் கையில் ஊதா மையில் ஒரு முத்திரை குத்தினோம். சாயங்காலம் கிளிக்கர் வைத்திருப்பவள் பக்கத்தில் நான் நோட்டோடு நின்றேன். அவள் 500 தடவை அமுக்கி முடிக்கும் வரை, எண்ணக்கூடாதவர்கள் யார் யார் என்று கோடு போட்டேன். கழுத்தில் அட்டை மாட்டிய நம்ம ஆட்கள் 41. கையில் ஏற்கெனவே முத்திரை இருந்தவர்கள் 37. சின்னக் குழந்தைகள் 22. மொத்தம் நூறு. ஐந்து அமுக்கில் ஒன்று புதிய ஆள் இல்லை.

சனிக்கிழமையும் அதே விகிதம் என்று வைத்தால் 2,318-இல் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 464 போக, மீதி 1,854. சீட்டு வழியாக வந்தது 1,882. கிளிக்கர் வழியாக வந்தது 1,854. ராத்திரி ஆயிரம் வித்தியாசத்தில் நின்ற இரண்டு கணக்கும் இப்போது 28-இல் வந்து நிற்கின்றன. ஞாயிறு சாயங்காலத்து விகிதத்தைச் சனிக்கிழமை முழுதுக்கும் போட்டது உத்தேசம்தான். குடும்பத்துக்கு மூன்றரைப் பேர் என்பதும் உத்தேசம்தான். அதனால் இந்த இரண்டும் இவ்வளவு நெருங்கி வந்ததில் கொஞ்சம் அதிர்ஷ்டமும் இருக்கும். ஐம்பது அறுபது தள்ளி நின்றிருந்தாலும் நான் ஒப்புக்கொண்டிருப்பேன். இரண்டு தனித்தனி வழியில் போய் ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வருவதுதான் முக்கியம்.

இனி மூன்றாவது, தலை எண்ணிக்கை. சனிக்கிழமை ராத்திரி ஒரு அக்கா, ஐந்து தடவை எண்ணியதையும் கூட்டி 1,390 என்று எழுதி வைத்திருந்தார். இன்னொருவர், "அதிகபட்சம் 465-தானே, அப்ப வந்தது 465 பேர்தான்" என்றார். இரண்டும் சரியில்லை. மறுபடியும் பஸ்ஸுக்கு வாருங்கள். ஒவ்வொரு ஊரிலும் பஸ் நிற்கும்போது உள்ளே இருப்பவர்களை எண்ணிக் கூட்டினால், கடைசி ஊர் வரை போகிற பாட்டியைப் பத்துத் தடவை எண்ணியிருப்போம். நடுவில் ஏறி அடுத்த ஊரிலேயே இறங்கியவரை ஒரு தடவைகூட எண்ணியிருக்க மாட்டோம். தலை எண்ணிக்கை 'இந்த நிமிஷத்தில் உள்ளே எத்தனை பேர்' என்ற ஒரே கேள்விக்குத்தான் பதில் சொல்லும். அதைக் கூட்டவும் கூடாது, நாள் முழுக்க வந்தவர்கள் என்று சொல்லவும் கூடாது.

ஆனால் அந்த ஒரு கேள்விக்கு அதைப்போல நல்ல பதில் வேறில்லை. ஆறரை மணிக்கு உள்ளே 465 பேர், அதோடு நம்ம ஆட்கள் 80 பேர். மண்டபத்துக்கு எத்தனை பேர் கொள்ளளவு, அவசரம் என்றால் எத்தனை கதவு திறக்க வேண்டும், கழிப்பறை போதுமா, எட்டு மணிக்குள் எத்தனை பேருக்குச் சிற்றுண்டி தேவைப்படும் என்பதற்கெல்லாம் பார்க்க வேண்டிய எண் அது. 1,850 பேர் வந்தார்கள் என்பதை வைத்து இட்லி ஊற்றினால் பாதி வீணாகும்.

தலை எண்ணும்போது மண்டபத்தைத் தூண் தூணாகப் பகுதி பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு பகுதியை இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி, கடைசியில் ஒப்பிடுங்கள். அட்டை மாட்டியவர்களை எண்ணாதீர்கள். கதவே இல்லாத மைதானக் கூட்டத்துக்கும் இதே முறைதான். அமெரிக்காவில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ் என்ற பத்திரிகைத் துறைப் பேராசிரியர் 1960-களில் மாணவர் கூட்டங்களை இப்படித்தான் கணித்தார். தரையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, சில கட்டங்களில் உள்ளவர்களை எண்ணி, மொத்தத்துக்கும் பெருக்கினார். ஆட்கள் கையை வீசி நிற்கிற தளர்வான கூட்டத்தில் ஒருவருக்குச் சுமார் 10 சதுர அடி, நெருக்கமான கூட்டத்தில் சுமார் நாலரைச் சதுர அடி என்பது அவர் கண்ட அளவு. நம்ம பேரணிக்கு மைதானம் 20,000 சதுர அடி என்றால், தளர்வாக நிறைந்தாலும் 2,000 பேர்தான். பத்தாயிரம் பேர் திரண்டார்கள் என்று மைக்கில் சொல்வதற்கு முன்னால் மைதானத்தின் நீள அகலத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக, எந்த எண்ணை எழுதுவது? நிர்வாகக் குழுவில் இதற்குப் பெரிய வாக்குவாதமே நடந்தது. "2,318-ஐயே எழுதுவோம். கிளிக்கர் காட்டினதுதானே, பொய் இல்லையே. அடுத்த வருஷம் பெரிய மண்டபம் கேட்க உதவுமே" என்று சிலர் சொன்னார்கள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. நான் ஒன்றே ஒன்று கேட்டேன். "அந்த எண்ணை எழுதினா, தணிக்கைக்கு வர்றவர் 2,318 பேருக்குப் பணம் எங்கேன்னு கேட்பார். நேத்து நான் கேட்ட அதே கேள்வி. அப்ப மறுபடியும் அந்தப் பொண்ணைத்தான் எல்லாரும் திரும்பிப் பார்ப்போம்." அதற்கு அப்புறம் யாரும் வற்புறுத்தவில்லை.

யார் என்ன கேட்கிறார்கள் என்று பார்த்து, அதற்குப் பதில் சொல்கிற எண்ணைக் கொடுக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டோம். வரவு செலவுக்கும் தணிக்கைக்கும், விற்ற சீட்டும் வசூலான பணமும். எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்டால், திருத்திய ஆள் கணக்கு. இடவசதிக்கும் பாதுகாப்புக்கும், ஒரே நேரத்தில் இருந்த அதிகபட்சத் தலை எண்ணிக்கை. கிளிக்கர் எண்ணைக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், அதற்குப் பக்கத்தில் 'நுழைவுகள்' என்று எழுத வேண்டும், 'பேர்' என்று எழுதக்கூடாது.

அறிக்கையில் நாங்கள் எழுதிய வாசகத்தை அப்படியே படிக்கிறேன்:

"சனிக்கிழமை விற்ற சீட்டுகள் 1,340. வசூல் ரூ.17,600. வருகை தந்தோர் சுமார் 1,850 பேர் (பயன்படுத்திய சீட்டுகளையும் கிளிக்கர் பதிவையும் ஒப்பிட்டுக் கணித்தது, கடைக்காரர்கள், தொண்டர்கள், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் சேர்க்கப்படவில்லை). ஒரே நேரத்தில் அதிகபட்சமாக மண்டபத்தில் இருந்தோர் 465 பேர், மாலை 6.30 மணி."

1,882 என்றும் 1,854 என்றும் இரண்டு எண் வந்தபோது சிறியதை எடுத்து, அதையும் 1,850 என்று குறைத்து, 'சுமார்' போட்டோம். கடைசி இலக்கம் வரை நமக்குத் தெரியாதபோது 1,854 என்று எழுதினால், ஒவ்வொருவராக எண்ணியதுபோல ஆகிவிடும். அடைப்புக்குறிக்குள் இருக்கிற அந்த வரியை யாரும் வெட்டக்கூடாது. அடுத்த வருஷம் வேறு ஒருத்தி இந்தக் கணக்கைப் பார்க்கும்போது, குழந்தைகளைச் சேர்த்ததா சேர்க்காததா என்று தெரியாமல் ஒப்பிட்டால், கூட்டம் கூடியதா குறைந்ததா என்றே தெரியாது.

மூன்று நாள் எண்ணையும் கூட்டும்போது இன்னொரு கவனம் வேண்டும். வெள்ளிக்கிழமை வந்து புடவை பார்த்துவிட்டுப் போன அக்கா, ஞாயிற்றுக்கிழமை கணவரோடு வந்து வாங்கினார். அவர் ஒரு ஆள், இரண்டு வருகை. மூன்று நாளையும் கூட்டினால் வருவது 'வருகைகள்'. அதை 'இத்தனை பேர்' என்று சொல்லிவிடக் கூடாது.

இந்த வருஷக் கண்காட்சிக்குச் செய்திருக்கிற ஏற்பாட்டைச் சொல்லி முடிக்கிறேன். கடைக்காரர்களுக்கும் தொண்டர்களுக்கும் பின்பக்க வழி, அங்கே கிளிக்கர் கிடையாது. பெரிய வாசலில் இரண்டு கிளிக்கர்: ஒன்று புதிதாக வருகிறவர்களுக்கு, இன்னொன்று முத்திரையோடு திரும்பி வருகிறவர்களுக்கு. காலையில் பூஜ்யம் என்று காட்டி இரண்டு பேர் கையெழுத்து. அரை மணிக்கு ஒருமுறை எண்ணை எழுத வேண்டும், ஆள் மாறும்போதும் எழுத வேண்டும். குடும்பச் சீட்டில் எத்தனை பேர் என்பதைக் கிழிக்கும்போதே அடிக்கட்டையில் எழுத வேண்டும். போன் நின்றால் கிழித்துப் போட ஒரு மஞ்சள் பை, நேரம் எழுத ஒரு காகிதம். ராத்திரி முதலில் அடிக்கட்டையும் பணமும் நேராக வேண்டும். அதற்கு அப்புறம்தான் மற்ற எண்களை வாய்விட்டுச் சொல்லலாம்.

போன வருஷம் சீட்டு விற்ற அந்தத் தங்கச்சியிடம் நிர்வாகக் குழு முன்னாடியே மன்னிப்புக் கேட்டேன். இந்த வருஷமும் சீட்டு மேசையில் அவள்தான் உட்காருகிறாள். "பெட்டிச் சாவியை நீங்க வச்சுக்குங்கக்கா, அடிக்கட்டையை நான் வச்சுக்குறேன்" என்று ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். ஒப்புக்கொண்டேன்.